கரண்ட் அட்டையில் இறந்தவர் பெயர்: வீடு வாங்கியவர் என்ன செய்வது?

கேள்வி: ஐயா, கீழக்கரைக்குப் பக்கத்தில் கடலோரத்தில் ஒரு பழைய ஓட்டு வீட்டைப் போன தை மாதம் கிரயம் வாங்கினேன். விற்றவரும் அவருடைய அக்காவும் பத்திர ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். கரண்ட் அட்டையில் இருப்பது அவர்களுடைய அத்தா பெயர். அவர் மௌத்தாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. பெயர் மாற்ற ஈபி ஆபீசுக்குப் போனால், "பழைய ஆள் சம்மதக் கையெழுத்து வேண்டும்" என்கிறார்கள். இறந்தவரிடம் எப்படி வாங்குவது? விற்றவர் மலேசியாவுக்குத் திரும்பிவிட்டார். ஆதார் ஏற்கெனவே இணைத்திருக்கிறது, பில்லும் நான்தான் கட்டுகிறேன். இப்படியே விட்டுவிட்டால் என்ன? பெயரை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் என்னென்ன தாள் வேண்டும்?
(வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்)

பதில்: அந்தக் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவர் இரண்டு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறார். முதலில் அதைப் பிரித்துவிடலாம். மின்வாரியத்தில் வருவாய்ப் பிரிவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்தபோது நானே பல பேரை இதே பதிலைச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதனால் கோபப்பட எனக்கு உரிமை இல்லை.

ஒரு மின் இணைப்பில் இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று, அந்த இடத்துக்கு மின்சாரம் யார் பெயரில் போகிறது என்பது. இன்னொன்று, இணைப்பு வாங்கிய நாளில் வாரியத்திடம் கட்டி வைத்த டெபாசிட் பணம். பெயர், இடத்தோடு போகும். இடம் உங்களுடையது என்று கிரயப் பத்திரம் சொன்னால், பெயரை மாற்றக் கேட்கும் உரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது. டெபாசிட் அப்படியில்லை. அது கட்டியவருடைய பணம். அதை உங்கள் கணக்குக்கு மாற்றிக்கொடுங்கள் என்று அவர்தான் சொல்ல வேண்டும். சம்மதக் கடிதம் கேட்பதன் காரணம் பெரும்பாலும் இந்தப் பணம்தான்.

அப்படியானால் அந்தக் கடிதம் கிடைக்காதவர் கதி? விதியே வழி சொல்கிறது. பழைய நுகர்வோரின் சம்மதத்தைக் கொடுக்க முடியாதவர், இன்றைய விகிதப்படி புதிதாக டெபாசிட் கட்டிவிட்டுப் பெயரை மாற்றிக்கொள்ளலாம். இதைச் சொன்னதும் பலர், "இன்னொரு தடவை டெபாசிட்டா?" என்று பதறுவார்கள். முப்பது வருடத்துக்கு முன்பு ஒரு ஓட்டு வீட்டு ஒற்றை பேஸ் இணைப்புக்குக் கட்டிய பணம் நூற்றுக்கணக்கில்தான் இருந்திருக்கும். அதை மீட்க மலேசியாவுக்குப் போன் போட்டு, கூரியருக்குக் காத்திருந்து, மூன்று மாதம் அலைவதைவிட, புதிதாகக் கட்டிவிட்டு வேலையை முடிப்பதுதான் மலிவு. நீங்கள் கட்டுவதும் எங்கேயும் போய்விடாது. உங்கள் பெயரில் இருக்கும், ஆண்டுதோறும் வட்டி கணக்கில் வரவாகும்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். கிரயப் பத்திரத்தை எடுத்து, சொத்து விவரம் எழுதியிருக்கும் கடைசிப் பக்கங்களைப் படித்துப் பாருங்கள். நம் பக்கத்துப் பத்திர எழுத்தர்கள் வழக்கமாக ஒரு வரி சேர்ப்பார்கள்: "மேற்படி வீட்டிலுள்ள மின் இணைப்பு, அதன் டெபாசிட் தொகை உள்பட" என்று. நல்ல எழுத்தராக இருந்தால் இணைப்பு எண்ணையும் போட்டிருப்பார். அந்த வரி இருந்தால், இறந்தவரின் பிள்ளைகள் இருவரும் டெபாசிட்டையும் சேர்த்தே உங்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்று வாதாடலாம். தனிச் சம்மதக் கடிதம் எதற்கு என்று கேட்கலாம். ஒத்துக்கொள்ளும் அதிகாரியும் உண்டு, ஒத்துக்கொள்ளாதவரும் உண்டு. ஒத்துக்கொள்ளாவிட்டால் சண்டை வேண்டாம், புது டெபாசிட்டுக்கு வந்துவிடுங்கள். இனி வீடு வாங்கப் போகிறவர்கள் இந்த ஒரு வரியை எண்ணோடு சேர்த்துப் போடச் சொல்லிப் பத்திர எழுத்தரைப் பிடித்துக்கொள்ளுங்கள். செலவில்லாத வரி அது.

சரி, பெயருக்கு வருவோம். உங்கள் விஷயத்தில் உண்மையான முடிச்சு சம்மதம் இல்லை, சங்கிலி. அட்டையில் ஒரு பெயர். பத்திரத்தில் விற்றவர்களாக வேறு இரண்டு பெயர். அட்டையில் இருப்பவருக்கும் உங்களுக்கு எழுதிக் கொடுத்தவர்களுக்கும் என்ன உறவு என்று ஆபீசுக்கு எப்படித் தெரியும்? விண்ணப்பத்தை வாங்கிப் பார்க்கிறவர் தேடுவது அந்த உறவைத்தான். அவர் கேட்காமலே அதைக் கையில் கொடுத்துவிட்டால் பாதிக் கேள்வி அடங்கிவிடும்.

அந்தச் சங்கிலிக்கு மூன்று தாள் போதும். முதலாவது, இறந்தவரின் இறப்புச் சான்று. இரண்டாவது, தாசில்தார் ஆபீஸில் கொடுத்த வாரிசுச் சான்று. மூன்றாவது, உங்கள் கிரயப் பத்திரம். கிரயத்தின்போது இந்த முதல் இரண்டின் நகலை உங்கள் வக்கீலோ எழுத்தரோ கட்டாயம் வாங்கியிருப்பார். இல்லாமல் பத்திரமே எழுதியிருக்க முடியாது. வீட்டில் பத்திரக் கட்டுக்குள் தேடுங்கள். பத்திரத்தின் முன்பகுதியிலேயே, "எங்கள் தகப்பனார் இன்ன வருடம் கிரயம் பெற்று அனுபவித்து வந்து, காலமான பின் வாரிசுகளாகிய எங்களுக்குப் பாத்தியப்பட்டது" என்று சொத்து வந்த வழி எழுதியிருக்கும். அந்தப் பத்தியில் தகப்பனார் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ, அப்படியேதான் அட்டையிலும் இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். நம் ஊர்ப் பெயர்கள் ஆபீசுக்கு ஆபீஸ் வேறு உருவம் எடுக்கும். பத்திரத்தில் 'செய்யது', அட்டையில் 'சையத்', வாரிசுச் சான்றில் தகப்பன் பெயரின் முதலெழுத்து இல்லை, இப்படி. சின்ன வித்தியாசம்தான், ஆனால் ஆபீஸில் ஒருவர் இதைப் பிடித்துக்கொண்டால் இரண்டு வாரம் போய்விடும். வித்தியாசம் இருந்தால் நீங்களே விண்ணப்பத்தில், "அட்டையில் உள்ளவரும் பத்திரத்தில் குறிப்பிட்ட தகப்பனாரும் ஒருவரே" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

வாரிசுச் சான்றில் எத்தனை பெயர் இருக்கிறது என்றும் எண்ணிப் பாருங்கள். அக்காவும் தம்பியும் மட்டும்தானா? அவர்கள் அம்மா உயிரோடு இருக்கிறாரா? வேறு பிள்ளைகள் உண்டா? சான்றில் நான்கு பேர் இருந்து பத்திரத்தில் இரண்டு பேர்தான் கையெழுத்துப் போட்டிருந்தால், அது மின்வாரியத்துப் பிரச்சினை இல்லை. உங்கள் வீட்டுக் கிரயத்திலேயே ஓட்டை. அப்போது ஈபி ஆபீசுக்குப் போகாதீர்கள், வக்கீலிடம் போங்கள். எல்லோரும் போட்டிருந்தால் கவலை இல்லை.

இவற்றோடு உறுதிமொழிப் பத்திரம் ஒன்று கேட்பார்கள். அதை 'இண்டெம்னிட்டி' என்பார்கள். பின்னால் யாராவது வந்து இந்த இணைப்பில் உரிமை கேட்டால் வாரியத்துக்கு வரும் நஷ்டத்துக்கு நான் பொறுப்பு என்று நீங்கள் எழுதிக் கொடுப்பது அது. பயப்பட ஒன்றுமில்லை. பழைய நுகர்வோர் கையெழுத்து இல்லாத இடத்தில் அதிகாரி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வைத்திருக்கும் குடை அது. அந்தத் தாள் கோப்பில் இருந்தால் அவருக்குக் கையெழுத்துப் போட தைரியம் வரும். வீட்டு வரி ரசீதோ பட்டாவோ உங்கள் பெயருக்கு மாறியிருந்தால் அதன் நகலையும் வையுங்கள். உங்கள் ஆதார் நகல், கடைசியாகக் கட்டிய பில் ரசீது, அவ்வளவுதான்.

இப்போது "இப்படியே விட்டுவிட்டால் என்ன" என்ற கேள்விக்கு வருகிறேன். நேர்மையாகச் சொன்னால், பல வருடம் ஒன்றும் ஆகாது. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் 2016 மே மாதத்திலிருந்து இலவசம். வெளிநாட்டில் இருப்பவர்களின் பூட்டிய வீடுகளில் அந்த நூறைத் தாண்டாது. பில் பூஜ்யம். பில்லே இல்லாதபோது யார் பெயரில் பில் என்று யார் பார்க்கப் போகிறார்கள்? அதனால்தான் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலோர ஊர்களில் தாத்தா பெயரில் இன்னும் எத்தனையோ அட்டைகள் இருக்கின்றன.

ஆதார் இணைப்பையும் பெயர் மாற்றம் என்று நினைத்துவிடாதீர்கள். 2022 நவம்பரில் எல்லோரையும் ஆதார் இணைக்கச் சொன்னார்களே, அந்தப் படிவத்திலேயே 'உரிமையாளர்', 'வாடகைதாரர்' என்பவற்றோடு, 'உரிமையாளர்தான், ஆனால் இணைப்பு இன்னும் என் பெயருக்கு மாறவில்லை' என்று ஒரு தேர்வும் இருந்தது. ஆதாரை இணைப்பதால் பெயர் மாறாது என்பது வாரியத்துக்கே தெரிந்திருந்தது என்று அர்த்தம். உங்கள் வீட்டு இணைப்பில் இப்போது இருப்பது யார் ஆதார் என்பதையும் கேட்டுப் பாருங்கள். மலேசியாவில் இருப்பவர் ஆதாராகவும் இருக்கலாம்.

தொல்லை வருவது நீங்கள் வாரியத்திடம் ஏதாவது கேட்கப் போகும் நாளில். ஓட்டை எடுத்துவிட்டு மாடி கட்டப் போகிறீர்கள், மீட்டரைச் சுவர் மாற்றி வைக்க வேண்டும். ஏசி போடுவதற்கு மூன்று பேஸ் வேண்டும். கூரையில் சோலார் போட்டு மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் மானியம் கேட்க வேண்டும், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை வருகிறது. இவை எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் இணைப்புதாரர் பெயரில்தான் போக வேண்டும். அன்றைக்கு வாரிசுச் சான்றைத் தேடுவதைவிட இன்று தேடுவது எளிது. விற்றவர் போன் எடுக்கிறார், பத்திர எழுத்தர் உயிரோடு இருக்கிறார், கட்டு உங்கள் கையில் இருக்கிறது. பத்து வருடம் கழித்து இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருக்காது.

விண்ணப்பம் போடுவதற்கு முன் இரண்டு சோதனைகள் செய்துவிடுங்கள். இரண்டும் நான் அனுபவத்தில் கற்றவை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் சோதனை, நீங்கள் மாற்றக் கேட்கும் இணைப்புதான் உங்கள் வீட்டுக்கு வருகிறதா என்பது. சிரிக்காதீர்கள். கடற்கரையில் ஒரு ஊரில் நான் பார்த்தது. ஒரே காம்பவுண்டுக்குள் அண்ணன் தம்பி இரண்டு வீடு. சுவரில் இரண்டு மீட்டர் பெட்டி. கடல் காற்றில் பெட்டியின் திருகுகள் தொட்டால் பொடியாக உதிர்ந்தன. டெர்மினல் மூடிக்குள் செம்பு பச்சையாய்ப் பூத்திருந்தது. வாசல் நிலைக்கு மேல் பெயின்டில் எழுதிய இணைப்பு எண்ணை உப்புக் காற்று தின்றுவிட்டதால், ரீடிங் எடுக்க வருகிறவர் ஒவ்வொரு முறையும் சாக்பீஸில் எழுதிவிட்டுப் போவார். எப்போதோ ஒரு முறை இரண்டு எண்களும் இடம் மாறி எழுதப்பட்டிருக்கின்றன. யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் அண்ணன் பில்லைத் தம்பி கட்டினாலும் பணம் ஒரே வீட்டிலிருந்துதான் போயிற்று. தம்பி வீட்டை வாங்கியவர் பெயர் மாற்றினார். ஏழாம் மாதம் கோடையில் அவர் வீட்டில் யாரும் இல்லாதபோது 640 யூனிட் பில் வந்தது. ஓடியது அண்ணன் வீட்டு ஏசி. பெயர் மாறியது அண்ணன் மீட்டருக்கு.

நீங்கள் செய்ய வேண்டியது ஐந்து நிமிட வேலை. உங்கள் வீட்டில் ஒரு இஸ்திரிப் பெட்டியையோ ஹீட்டரையோ போட்டுவிட்டு மீட்டரைப் பாருங்கள். எலக்ட்ரானிக் மீட்டரில் சிவப்புப் புள்ளி ஒன்று விட்டுவிட்டு மின்னும். சுமை ஏற ஏற வேகமாக மின்னும். இஸ்திரியை அணைத்தால் மெதுவாக வேண்டும். வேகம் மாறவில்லையா, அது உங்கள் மீட்டர் இல்லை. அப்புறம் மெயினை அணைத்துவிட்டுப் பார்க்கலாம். உங்கள் வீடு முழுக்க அணைய வேண்டும், பக்கத்து வீட்டில் எதுவும் அணையக் கூடாது. பக்கத்து வீட்டுக் கிணற்று மோட்டாரோ குளியலறை விளக்கோ அணைந்தால், பாகப்பிரிவினைக்கு முன் இழுத்த ஒயர் இன்னும் ஓடுகிறது. அதை முதலில் பிரிக்கச் சொல்லுங்கள். உங்கள் பெயரில் மீட்டர் வந்தபின் அவர்கள் கரண்டுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

மீட்டரின் மேல் பொறித்திருக்கும் மீட்டர் எண்ணை ஒரு போட்டோ எடுங்கள். நம் கடலோரத்தில் உப்பு அரித்து மீட்டர் மாற்றுவது சகஜம். மாற்றிய எண் கணக்கில் ஏறாமல் பழைய எண்ணே நிற்பதும் நடக்கிறது. இணைப்பு எண்ணையும் சரிபாருங்கள். முதல் இரண்டு இலக்கம் மண்டலத்தைக் குறிக்கும், நம் மாவட்டம் மதுரை மண்டலம் என்பதால் 05. அடுத்த மூன்று பிரிவு அலுவலகம், அதற்கடுத்த மூன்று பகிர்மானம், கடைசியில் வருவதுதான் உங்கள் வீட்டுக்கான எண். பழைய அட்டையில் கடைசி எண் மட்டும்தான் எழுதியிருக்கும். பக்கத்துத் தெருப் பகிர்மானத்திலும் அதே எண் இருக்கும் என்பதால், முழு எண்ணையும் சமீபத்திய ரசீதிலிருந்து எடுங்கள்.

இரண்டாவது சோதனை, பாக்கி. இணைப்பில் நிலுவை இருந்தால் பெயர் மாறாது. 'அது பழையவர் வைத்த கடன், நான் ஏன் கட்ட வேண்டும்' என்று கேட்பவர்கள் உண்டு. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. பழைய உரிமையாளரின் மின் பாக்கியைக் கட்டிய பிறகே இணைப்பு என்று மாநில விதிகள் சொன்னால், அது செல்லும் என்று. உங்கள் வீடு பூட்டிக் கிடந்த வீடா? அப்படியானால் இன்னொன்றும் இருக்கிறது. கணக்கெடுக்க வருகிறவர் கதவு பூட்டியிருந்தால், முந்தைய கணக்கை வைத்து ஒரு தொகை போட்டுவிட்டுப் போவார். பிறகு உள்ளே வந்து நிஜ ரீடிங் எடுக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். மீட்டரில் இப்போது என்ன எண் ஓடுகிறது, கடைசி ரசீதில் என்ன எண் என்று நீங்களே ஒப்பிடுங்கள். இரண்டு மாதத்தில் உங்கள் வீட்டில் ஓடக்கூடியதைவிடப் பல மடங்கு இடைவெளி இருந்தால், பழைய பாக்கி மீட்டருக்குள்ளேயே படுத்திருக்கிறது என்று அர்த்தம். ஸ்பெஷல் ரீடிங் எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். கிரயம் நடந்த நாளன்று மீட்டரைப் போட்டோ எடுத்திருந்தால் விற்றவரிடம் கேட்க ஆதாரம் இருந்திருக்கும். எடுத்திருக்க மாட்டீர்கள், யாருமே எடுப்பதில்லை.

இவ்வளவும் ஆனபின் விண்ணப்பம். www.tnpdcl.org தளத்தில் போய்ப் பெயர் மாற்றத்துக்கு நேரடியாகப் பதிவு செய்யலாம். 2024 முதல் வாரியத்தின் பகிர்மான நிறுவனத்துக்குப் பெயர் மாறிவிட்டதால் தளத்தின் பெயரும் இப்படி. நகல்களை ஏற்றி, கட்டணத்தையும் அங்கேயே கட்டலாம். 2023 ஜூலையில் தமிழ்நாடு முழுவதும் பெயர் மாற்றத்துக்காகவே ஒரு மாதம் சிறப்பு முகாம் நடத்தினார்களே, அப்போது ஜிஎஸ்டி சேர்த்து 726 ரூபாய். அதற்குப் பின் கொஞ்சம் ஏறியிருக்கிறது. தளத்தில் காட்டும் தொகையைக் கட்டினால் போதும், அதற்கு மேல் கையில் யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் விஷயம் சங்கிலித் தாள்கள் உள்ள விஷயம் என்பதால், பதிவு செய்த எண்ணோடு ஒரு கடிதத்தையும் பிரிவு அலுவலகத்தில் நேரில் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்வது நல்லது. கடிதம் இப்படி இருந்தால் போதும்:

*பெறுநர்: உதவிப் பொறியாளர், பிரிவு அலுவலகம், (ஊர்).*

*பொருள்: மின் இணைப்பு எண் 05-…-…-… / கிரயத்தின் மூலம் பெயர் மாற்றம் கோருதல்.*

*ஐயா, மேற்படி இணைப்பு (பழைய நுகர்வோர் பெயர்) பெயரில் உள்ளது. அன்னார் (தேதி) அன்று காலமானார். அவருடைய வாரிசுகள் அனைவரும் சேர்ந்து, இணைப்பு உள்ள வீட்டை (தேதி), (பத்திர எண்) கிரயப் பத்திரம் மூலம் எனக்கு விற்றுவிட்டனர். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, கிரயப் பத்திரம் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். இணைப்பில் இன்றைய தேதி வரை பாக்கி இல்லை.*

*பழைய நுகர்வோர் காலமாகிவிட்டதால் டெபாசிட்டை மாற்ற அவருடைய சம்மதக் கடிதம் பெற இயலவில்லை. நடைமுறையில் உள்ள விகிதப்படி புதிய டெபாசிட் செலுத்தச் சம்மதிக்கிறேன். உறுதிமொழிப் பத்திரமும் இணைத்துள்ளேன். இணைப்பை என் பெயருக்கு மாற்றித் தருமாறும், ஏதேனும் குறை இருப்பின் எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.*

*ஆன்லைன் பதிவு எண்: …… மீட்டர் எண்: …… கைபேசி: ……*

இதில் நான் முக்கியமாக நினைப்பது கடைசியிலிருந்து இரண்டாவது வரி. "எழுத்துப்பூர்வமாக." கவுண்டரில் வாயால் சொல்லும் மறுப்புக்கு அடுத்த நாள் சாட்சி கிடையாது. எழுதித் தரச் சொன்னால் பாதி மறுப்புகள் அங்கேயே கரைந்துவிடும், ஏனென்றால் 'இறந்தவரின் சம்மதக் கடிதம் இல்லாததால் நிராகரிக்கிறேன்' என்று எந்த அதிகாரியும் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டார். கிரயப் பத்திரத்தில் டெபாசிட் வரி இருந்தால் இரண்டாம் பத்தியின் முதல் இரண்டு வாக்கியங்களை எடுத்துவிட்டு, "டெபாசிட்டும் பத்திரத்தின் இத்தனையாம் பக்கத்தில் எனக்கு மாற்றித் தரப்பட்டுள்ளது" என்று எழுதுங்கள்.

தாள்கள் முழுதாக இருந்தால் பெயர் மாற்றத்துக்கு ஒழுங்குமுறை ஆணையம் வைத்திருக்கும் கெடு ஏழு நாள். நடைமுறையில் பத்துப் பதினைந்து நாள் ஆனால் பொறுத்துக்கொள்ளுங்கள், மழைக்காலம் என்றால் இன்னும் கொஞ்சம். புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் பிரிவு அலுவலகத்தில் கம்பத்தைத் தவிர வேறு எதையும் யாரும் பார்ப்பதில்லை. அது நியாயமும் கூட. மாதம் தாண்டியும் அசையவில்லை என்றால் உபகோட்டத்தில் உதவிச் செயற்பொறியாளரைப் பாருங்கள். மின்னகத்துக்கு 94987 94987 எண்ணில் போன் செய்து புகார் எண் வாங்கிக்கொள்ளலாம். அதற்கும் மேல் ராமநாதபுரம் வட்டத்தில் மேற்பார்வைப் பொறியாளர் தலைமையிலான நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது. சீல் வாங்கிய கடித நகலும், எழுத்தில் வந்த மறுப்பும் இருந்தால் அங்கே வக்கீல் தேவையில்லை. மன்றத்தின் தீர்ப்பும் சரியில்லை என்றால் சென்னையில் மின்குறை தீர்ப்பாளர். இவ்வளவு தூரம் உங்களுக்குப் போகாது என்றே நினைக்கிறேன்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஆபீஸ் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். வாரிசுகளில் யாராவது 'எனக்குத் தெரியாமல் விற்றுவிட்டார்கள், பெயர் மாற்றாதீர்கள்' என்று மனுக் கொடுத்திருந்தால். அப்போது கோர்ட் உத்தரவைக் கொண்டுவா என்பார்கள், அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. வீடு யாருடையது என்று தீர்ப்புச் சொல்லும் வேலை மின்வாரியத்துக்கு இல்லை. அதே காரணத்தால்தான், உங்கள் பெயரில் கரண்ட் பில் வந்துவிட்டது என்பதை வைத்து நாளைக்கு நீங்களும் சொத்துரிமைக்கு ஆதாரம் காட்ட முடியாது.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. முன் அறையில் பழையவர் கடை ஏதும் வைத்திருந்தாரா, நீங்கள் வைக்கப் போகிறீர்களா? பெயர் மாற்ற விண்ணப்பம் வந்தால் சில ஊர்களில் வணிக ஆய்வாளர் நேரில் வந்து பார்ப்பார். வீட்டு விகிதத்தில் ஓடும் இணைப்பில் ஐஸ் பெட்டியும் தராசும் இருப்பதைப் பார்த்தால் கதை வேறு பக்கம் திரும்பும். கடை இருந்தால் அதற்குத் தனி இணைப்பு கேளுங்கள், அல்லது இதையே வணிக விகிதத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். அதை நீங்களே சொல்வது வேறு, அவர் கண்டுபிடிப்பது வேறு.

பெயர் மாறியதாகக் குறுஞ்செய்தி வந்ததும் தளத்தில் உங்கள் எண்ணைப் போட்டுப் பாருங்கள். பெயரின் எழுத்து, கைபேசி எண், விகிதம், டெபாசிட் தொகை நான்கும் சரியா என்று. பழைய கைபேசி எண் அப்படியே நின்றால் உங்கள் பில் விவரம் மலேசியாவுக்குப் போய்க்கொண்டிருக்கும். ஆதாரையும் உங்கள் பெயரில் புதிதாக இணையுங்கள். அட்டையில் பெயரைத் திருத்தி அதிகாரியின் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அப்படியே, மீட்டர் பெட்டி துருப்பிடித்து மூடி திறந்து கிடந்தால் அதையும் ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடுங்கள். மழை நாளில் உப்பு ஈரம் உள்ளே இறங்கினால் மீட்டரில் கசிவைக் காட்டும் விளக்கு எரிய ஆரம்பிக்கும். அது எரிவதைப் பார்த்தால் பெட்டியைக் கையால் தொடாமல் வயர்மேனைக் கூப்பிடுங்கள்.